மொட்டை மாடியில் துருப்பிடித்த மடக்குக் கட்டில்: சரிசெய்வதா, எடைக்குப் போடுவதா?

கேள்வி: ஐந்தாறு வருடமாக மழையில் கிடந்த பழைய இரும்பு மடக்குக் கட்டில் (நாடா பின்னியது) ஒன்று இருக்கிறது. முழுக்கத் துரு. வயதான அம்மா படுக்கும் அளவுக்கு அதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பதில்:

செய்து பார்த்திருக்கிறேன். போன வருடம் ஆடி மாதத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்காக. நான் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறார். இரண்டே அறை. முன்னறையில் பகலெல்லாம் இரண்டு மெஷின், வெட்டும் மேசை, துணி மூட்டை. ராத்திரி அதே அறையில்தான் பிள்ளைகள் படுக்க வேண்டும். ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்து இனி இவர்களோடுதான் இருக்கப்போகிறார், முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. எனவே கட்டில் வேண்டும், ஆனால் காலை ஏழு மணிக்கு அது மடங்கிச் சுவரோரம் நிற்க வேண்டும். மாடியில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டார். "இதை எடைக்குப் போட்டா முந்நூறு ரூபா தருவாங்களாம்ங்ணா. ஒரு தடவை பாருங்க, ஆகாதுன்னா போட்டுடறேன்" என்றார்.

மேலே தெரிகிற துருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செம்மண் நிறத்தில் பைப் முழுக்கப் பூத்திருக்கும் துரு பெரும்பாலும் தோல் அளவுதான், உப்புத்தாள் போட்டால் போய்விடும். கட்டிலைக் கொல்வது தண்ணீர் தங்கிய இடம். அது மூன்று இடங்களில் இருக்கும்: காலடியில் ரப்பர் புஷ்ஷுக்குள்ளே, நாடா சுற்றியிருந்த பைப்பின் அடிப்பக்கம், அப்புறம் கீல் ஓட்டைகளைச் சுற்றி. அதனால் முதலில் பழைய நாடாவை முழுக்க அறுத்துப் போட்டேன், ஆறு ரப்பர் புஷ்களையும் பிடுங்கினேன். ஒரு புஷ்ஷுக்குள் கறுப்பாகச் சேறு மாதிரி இருந்தது, அதோடு அரை அங்குலப் பைப்பும் உதிர்ந்து வந்தது. வீடு துடைக்கிற தண்ணீர், மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கினால் வெளியேற வழியே கிடையாது.

சோதனை எளிது. சின்னச் சுத்தியலால் பைப்பை நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டிங்' என்று மணிச்சத்தம் வரும், உளுத்த இடத்தில் 'டப்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூட்ரைவரை வைத்து உள்ளங்கையால் அழுத்தமாகக் குத்திப் பாருங்கள், தயங்காமல். ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டையை நீங்கள் போடவில்லை, அது ஏற்கெனவே இருந்ததுதான். பிறகு சட்டத்தைத் தூக்கிச் செங்குத்தாகக் குலுக்குங்கள். உள்ளே சரசரவென்று பொருக்கு இறங்கினால் உள்பக்கமும் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கட்டில் ஆறடிக்கு இரண்டரை அடி, ஒரு அங்குலம் 18 கேஜ் பைப். அதாவது பைப்பின் தடிமனே சுமார் 1.2 மில்லிதான், தேய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. தட்டிப் பார்த்ததில் ஆறு கால்களில் நாலு அடியில் இரண்டு அங்குலம் வரை போயிருந்தது. பக்கச் சட்டத்தில் ஒரே ஓர் இடம், கால்மாட்டுப் பக்கம், நாடா மடிந்திருந்த அடிப்பகுதியில் ஸ்க்ரூட்ரைவர் உள்ளே போய்விட்டது. நடுக்கீல் ஓட்டைகள் முட்டை மாதிரி நீண்டிருந்தன. மற்றதெல்லாம் மணிச்சத்தம். பக்கச் சட்டத்தில் மட்டும் மூன்று நாலு இடம் குத்து வாங்கியிருந்தால் நானே எடைக்குப் போடச் சொல்லியிருப்பேன். கால் அழுகலாம், வெட்டி வேறு வைக்கலாம். நீளப் பைப் போனால் அப்புறம் நீங்கள் செய்வது ரிப்பேர் இல்லை, புதுக் கட்டில்.

சரி, எப்படியும் காலை வெட்டத்தான் போகிறோம் என்றால், எவ்வளவு உயரத்துக்கு வைப்பது? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இருந்த கட்டில் 14 அங்குலம். இளவட்டங்களுக்குச் சரி. முட்டிவலிக்காரர் அதில் உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே நிற்கும், எழும்போது முழு எடையும் முட்டியில் விழும். அம்மா இன்னும் வரவில்லை, அதனால் மகனிடம் கேட்டேன்: "ஊரில் அவங்க எதில் உட்கார்ந்தால் யார் கையும் பிடிக்காமல் எழுவாங்க?" திண்ணையில் என்றார். ஊருக்குப் போன் போட்டுத் திண்ணையை டேப் வைத்து அளக்கச் சொன்னோம். 17 அங்குலம். மெத்தை ஒன்றரை அங்குலம் ஏற்றும், நாடா ஏறக்குறைய அதே அளவு இறங்கும், இரண்டும் கழிந்துவிடும். ஆக சட்டத்தின் மேல்மட்டம் 17, மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும். அழுகிய இரண்டு அங்குலத்தை வெட்டி எடுப்பதால் ஒவ்வொரு காலுக்கும் ஐந்து அங்குலப் புதுப்பைப்.

நல்ல கால்கள் இரண்டு இருந்தனவே, அவற்றையும் ஏன் வெட்ட வேண்டும் என்று தம்பி கேட்டார். எப்படியும் உயர்த்த வேண்டும், ஆறும் ஒரே இடத்தில் வெட்டி ஒரே அளவில் ஒட்டினால்தான் அளவு பிசகாது.

துரு எடுக்க டீசல் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் கம்பி பிரஷ், அதற்கப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 120. கிரைண்டர் பக்கம் போகாதீர்கள். கை கொஞ்சம் அழுத்தினால் இருக்கிற 1.2 மில்லியில் பாதியைத் தின்றுவிடும், பளபளப்பாகவும் இருக்கும், நாம் ஏமாந்துபோவோம். எனக்கு இது ஒன்றரை நாள் வேலை. தம்பியின் பெரிய பையன், ஏழாவது படிக்கிறான், சனிக்கிழமை முழுக்கக் கூட உட்கார்ந்து தேய்த்தான்.

ஒட்டுவதுதான் நுணுக்கமான வேலை. பலர் நேராக ஆர்க் வெல்டிங் கடைக்குத் தூக்கிப்போவார்கள். பழைய 18 கேஜ் பைப்பில் ஆர்க் வைத்தால், துரு தின்று மெலிந்த இடம் உருகிப் பொத்தல் விழும், அதை அடைக்க இன்னொரு புள்ளி வைப்பார், அது பக்கத்தில் பொத்தல் போடும், கடைசியில் ஜாயின்ட் ஈயத்தைக் கொட்டின மாதிரி கட்டிகட்டியாக இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. கை தேர்ந்தவர் மெல்லிய ராடில் கரண்டைக் குறைத்துச் செய்வார், இல்லை என்று சொல்லவில்லை. நான் கேஸில் பித்தளை வைத்து ஒட்டினேன். பைப் பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கு வந்தால் போதும், இரும்பு உருகாது, வெண்காரம் தொட்ட பித்தளை ராடு மட்டும் உருகி இடுக்குக்குள் ஓடி நிரம்பும். பழைய சைக்கிள் ஃபிரேம்களில் இப்படிப் பித்தளையில் ஒட்டிய ஜாயின்ட்டைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரே நிபந்தனை, ஒட்டும் இடம் வெள்ளிபோல் சுத்தமாக இருக்க வேண்டும். துருவின் மேல் பித்தளை ஓடாது, உருண்டையாகத் திரண்டு நிற்கும். அப்படித் திரண்டால் ஒட்டவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

முனையோடு முனை வைத்து ஒட்டினாலும் நிற்காது, உள்ளே ஒரு துண்டு வேண்டும். அளவான உள்பைப் கடையில் கிடைக்காது. அதே ஒரு அங்குலப் பைப்பில் நாலு அங்குலம் வெட்டி, நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, வைஸில் நெருக்கிச் சுருட்டினால் அதே பைப்புக்குள் இறுக்கமாக நுழையும். எவ்வளவு அகலப் பட்டை எடுப்பது? வெளிவிட்டம் 25.4 மில்லி, உள்விட்டம் 23. வித்தியாசம் 2.4, அதை 3.14-ஆல் பெருக்கினால் ஏழரை. ஹாக்ஸா பிளேடு தின்பதையும் சேர்த்து ஏழரை மில்லி எடுத்தேன், சுத்தியலால் மெதுவாகத் தட்டினால்தான் உள்ளே போயிற்று. பழைய பைப்புக்குள் இரண்டு அங்குலம், புதுத்துண்டுக்குள் இரண்டு அங்குலம். பக்கச் சட்டத்தில் குத்து விழுந்த இடத்தை ஆறு அங்குலத்துக்கு அறுத்து எடுத்துவிட்டு, ஆறு அங்குலப் புதுத்துண்டு வைத்து இரண்டு ஜாயின்ட்டுக்கும் உள்துண்டு கொடுத்தேன். எல்லாம் சேர்த்து ஐந்தரை அடிப் பைப்புக்குக் கொஞ்சம் மேலே பிடித்தது, கடையில் ஏழடி வெட்டி வாங்கினேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துருவெடுக்கத் தடவிய டீசல் பைப்புக்குள்ளும் போயிருக்கும். அதைச் சோப்புத்தண்ணீரால் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, முனைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இரண்டு முனையும் அடைத்த பைப்புக்குள் எண்ணெய்ப் புகையோ தண்ணீரோ இருந்து சூடேறினால் வெடிக்கும். மில்லில் ஒரு டிரம்மில் அப்படி நடந்ததை நேரில் பார்த்தவன், அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

கால்களை ஒட்டி முடித்துப் பெருமையாக மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை! உயரத்தைக் கூட்டினேனே ஒழிய மடங்குவதைக் கணக்குப் போடவில்லை. பாதிக் கட்டில் 36 அங்குலம். தலைமாட்டுக் கால் முனையிலிருந்து நாலு அங்குலத்தில் தொடங்கி உள்நோக்கி மடங்குகிறது, நடுக்கால் 34-ஆவது அங்குலத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மடங்குகிறது. பழைய 14 அங்குலக் கால்கள் 18-லும் 20-லும் முடிந்தன, நடுவே இரண்டு அங்குல இடைவெளி. இப்போது 17 ஆனதும் ஒன்று 21 வரை போகிறது, மற்றது 17 வரை வருகிறது, நாலு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று. அரை மணி நேரம் பீடி பிடிக்காத குறையாக உட்கார்ந்து யோசித்தேன். நல்லவேளை, இந்தக் கட்டில் மேல்பக்கம் மேல்பக்கத்தோடு சேருகிற மாதிரி மடங்குவது, கால்கள் வெளியே இருக்கும். ஆக நடுக்காலை முதலில் மடக்கி அதன்மேல் தலைமாட்டுக் காலைச் சாய்த்தால் போதும், கட்டு ஒரு அங்குலம் தடிக்கும், அவ்வளவுதான். கால் தொங்காமல் இருக்க ஒரு நாடாப் பட்டையும் பக்கிளும் வைத்தோம். உங்கள் கட்டில் கால்கள் உள்ளே போகிற வகையாக இருந்தால் இந்த வழி நடக்காது, முதலில் பேப்பரில் வரைந்து பாருங்கள், என்னைப் போல ஒட்டின பிறகு அல்ல.

அடுத்தது நடுக்கீல். மடக்குக் கட்டில் ஆடுவதற்கும் 'கிரீச்' என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பைப்பில் துளை போட்டு இரண்டு பக்கமும் பட்டைத் தகடு வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். மெல்லிய பைப்பின் துளை விளிம்புதான் எல்லா எடையையும் வாங்குகிறது, அது நாளாவட்டத்தில் நீண்டுபோகும். துளையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தகடு நிற்கும் இடத்தில் 1 மில்லி ஆட்டம் இருந்தால், மூன்றடி தள்ளிக் கட்டிலின் முனையில் அது 18 மில்லியாகத் தெரியும். புது போல்ட் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. இறுக்க இறுக்கப் பைப் நசுங்கும், நசுங்கியதும் போல்ட் தளரும், மறுபடி இறுக்குவார்கள்.

செய்ய வேண்டியது இது. நீண்ட துளையை 12 மில்லிக்கு டிரில் பண்ணி, அதில் வெளியே 12, உள்ளே 8 மில்லி உள்ள இரும்பு புஷ் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை செருகிப் பித்தளையில் ஒட்ட வேண்டும். புஷ்ஷின் நீளம் 26 மில்லி, பைப்பைவிட ஒரு மயிரிழை கூட. அப்போதுதான் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகடு புஷ்ஷின் முனையில்தான் முட்டும், பைப் நசுங்காது, கீலும் சுலபமாகச் சுழலும். லேத் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் டீக்காசு வாங்கிக்கொண்டு நாலு புஷ் கடைந்து கொடுத்தார். தகடுகளையும் மாற்றினேன், அவற்றின் துளையும் நீண்டுதான் இருந்தது. 8 மில்லி போல்ட், நைலாக் நட், நடுவே கிரீஸ். சாதாரண நட் போட்டால் தினமும் மடக்கி விரிப்பதில் தானாகக் கழன்று வரும்.

இதற்கப்புறம்தான் எனக்கு ஒரு பயம் வந்தது. சட்டத்தை விரித்து வைத்துவிட்டுத் தம்பியைக் கால்மாட்டு முனைப் பைப்பில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் நடுப்பக்கம் மேலே எழும்பி, கட்டில் அவர் பக்கம் சாயப் பார்த்தது. கால் முனையிலிருந்து நாலு அங்குலம் உள்ளே இருக்கிறது, அதற்கு வெளியே எடை விழுந்தால் அந்தப் பாதிக் கட்டில் ஏற்றம் மாதிரி சாயும், மறுபாதி அதைப் பிடித்து வைக்காது, ஏனென்றால் நடுவில் கீல். நாடா போட்ட பிறகு இன்னொரு தொல்லையும் உண்டு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நாடா கீலுக்கு மேலே ஓடுவதால் அது முனைகளை மேலே தூக்கி மடக்கத்தான் இழுக்கும். வயதானவர்கள் ராத்திரி எழும்போது சரியாக நடுவில்தான் உட்கார்வார்கள் என்று யார் சொன்னது?

எனவே பூட்டுமுளை. புதுத் தகடுகளைக் கொஞ்சம் நீளமாக எடுத்திருந்தேன். கட்டிலை முழுக்க விரித்து, நூல் பிடித்து மட்டம் பார்த்து, அப்படியே அசையாமல் வைத்துத் தகட்டையும் பைப்பையும் சேர்த்து இரண்டாவது துளை 8 மில்லியில் போட்டேன். அதில் ஒரு இரும்பு முளையைச் செருகினால் இரண்டு பாதியும் ஒரே சட்டம் ஆகிவிடும். மடக்கும்போது முளையை எடுக்க வேண்டும். மறுபடி தம்பியை முனையில் உட்கார வைத்தேன், அசையவில்லை.

பெயிண்ட்டில்தான் சண்டை வந்தது. இரண்டு கோட் ரெட் ஆக்ஸைடு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு. முதல் கோட்டில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்து, அதில் அரை டம்ளரைப் பைப்புக்குள்ளும் ஊற்றிச் சட்டத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து உள்பக்கம் முழுக்க ஓடவிட்டு, மிச்சத்தை வடித்தேன். பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் ஊற்றியிருக்கிறேன், அது வெயிலில் இளகி ஒவ்வொரு துளை வழியாகவும் கசிந்து மெத்தையைக் கறையாக்கியது. அப்புறம் இரண்டு கோட் எனாமல். வியாழக்கிழமை ராத்திரி பெயிண்ட் வேலை முடிந்தது, அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "தொட்டா ஒட்டலையேங்ணா, நாடா கட்டிடலாமே" என்றார் தம்பி. தொட்டால் ஒட்டாதது வேறு, இறுகுவது வேறு. ஒரு மூலையில் கட்டை விரல் நகத்தை அழுத்திக் காட்டினேன், பிறை மாதிரி தடம் விழுந்தது. அந்த நிலையில் நாடாவை இழுத்துச் சுற்றினால் பெயிண்ட் நாடாவோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும், உரிந்த இடம் அடுத்த மழைக்காலத்தில் துரு. எந்த இடத்தில் பைப் முன்பு பொத்தலானதோ அதே இடம். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா வந்து நாலு ராத்திரி பெஞ்சில் மெத்தை போட்டுத்தான் படுத்தார், அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கும் இருந்தது. புதன்கிழமை காலை நகம் பதியவில்லை.

நாடா இரண்டரை அங்குல அகலம். அரை அங்குல இடைவெளி விட்டால் ஓர் ஓட்டத்துக்கு மூன்று அங்குலம். அகலம் 30 அங்குலம், ஆகவே நீளவாக்கில் 10 ஓட்டம், ஒவ்வொன்றும் மடிப்போடு 75 அங்குலம். குறுக்கே 24 ஓட்டம், ஒவ்வொன்றும் 33 அங்குலம். இரண்டையும் கூட்டினால் 39 மீட்டர் சொச்சம், முடிச்சுக்கும் தப்புக்கும் சேர்த்து 45 வாங்கினேன். மேலும் கீழும் இரட்டையாகச் சுற்றுவது சிலர் வழக்கம், அதற்கு இதில் இரண்டு மடங்கு பிடிக்கும், இந்த எடைக்குத் தேவையில்லை.

கட்டும்போது மூன்று விஷயம் கவனித்தேன். கட்டில் முழுக்க விரிந்து, முளை போட்டு இருக்க வேண்டும், கொஞ்சம் மடங்கிய நிலையில் இழுத்துக் கட்டினால் பிறகு அது ஜென்மத்துக்கும் மட்டமாக விரியாது. குறுக்கு நாடாவை இழுக்க இழுக்க நீளப் பைப் இரண்டும் உள்ளே வளையும், அதனால் நடுவில் 30 அங்குல மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்து, பின்னி முடித்த பிறகுதான் எடுத்தேன். கீல் இருக்கும் இடத்தில் குறுக்கு ஓட்டம் வராமல் தள்ளி வைத்தேன், இல்லையென்றால் மடக்கும்போது தகடு நாடாவைக் கடித்துவிடும். நாடா முனைகளை மெழுகுவத்தியில் காட்டி உருக்கிவிட்டு, முடிச்சுப் போடாமல் மூன்று அங்குலம் மேலடுக்கி வைக்க, தம்பி தன் மெஷினில் பெட்டி போட்டு நடுவே குறுக்குத் தையலும் அடித்துக் கொடுத்தார். முடிச்சு முதுகில் குத்தும், தையல் குத்தாது. என் 31 வருட ஃபிட்டர் புத்திக்கு அது தோன்றவே இல்லை, அவர்தான் சொன்னார்.

ரப்பர் புஷ் ஆறும் புதிது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இரும்பு வாஷர், இல்லையென்றால் மெல்லிய பைப் விளிம்பு கத்தி மாதிரி ரப்பரை வெட்டிக்கொண்டு தரைக்கு வந்துவிடும். அடியில் சூடான ஆணியால் ஒரு சின்னத் துளை, தண்ணீர் வெளியேற. நடுக்கால் இரண்டும் ஒரு மில்லி உயரமாக நின்றன, கட்டில் லேசாக ஏற்றப்பலகை மாதிரி ஆடியது. அந்த இரண்டில் மட்டும் மெல்லிய வாஷராக மாற்றியதும் நின்றுவிட்டது. நடுக்கால் ஒருபோதும் உயரமாக இருக்கக் கூடாது, ஒரு மில்லி குறைந்தால் பரவாயில்லை.

ஆளைப் படுக்க வைப்பதற்கு முன் 25 கிலோ அரிசி மூட்டை நாலு, கடைக்காரரிடம் ஓர் இரவு கடன் வாங்கி நடுவில் அடுக்கினோம். சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ராத்திரி அளந்து சுவரில் எழுதி வைத்தேன், காலையில் அதே அளவு. ஜாயின்ட் ஒவ்வொன்றையும் விரலால் தடவி, பெயிண்ட்டில் மயிர்க்கோடு விரிசல் இருக்கிறதா பார்த்தேன். இல்லை. பைப், நாடா, பெயிண்ட், கேஸ், போல்ட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு சொச்சம் ஆனது, என் கூலி போடாமல். கூலி போட்டால் புதுக்கட்டில் வாங்கிவிடலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடையில் நான் பார்த்த மடக்குக் கட்டில்கள் எல்லாம் தாழ்வு, பூட்டுமுளை எதிலும் இல்லை.

அம்மா முதலில் உட்காரவே இல்லை. கையால் நாடாவை அழுத்திப் பார்த்தார், பக்கச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், மாடு வாங்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. பிறகு உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நம்ம திண்ணையாட்டமே இருக்குது தம்பி" என்றார். திண்ணையை அளந்தது அவருக்குத் தெரியாது.

முதல் வாரமே முளை காணாமல் போயிற்று. வீடெல்லாம் தேடி, கடைசியில் தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு கிடந்தது. சின்னவன் அதை வைத்து நூல் சுற்றி விளையாடியிருக்கிறான். அன்றைக்கே ஒரு சின்னச் சங்கிலியில் முளையைச் சட்டத்தோடு கட்டினேன். இதை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் நாடா இளகி இரண்டு விரல் தொங்கியது, நைலான் நாடா முதலில் அப்படித்தான் கொஞ்சம் இழுபடும். குறுக்கு ஓட்டத்தை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்துக் கடைசி முனையைப் பிரித்துத் திரும்பத் தைத்தோம். பிப்ரவரியில் புஷ்களைக் கழற்றிப் பார்த்தேன், ஐந்து காய்ந்திருந்தன. ஒன்றில் மட்டும் ஈரம், போட்ட துளை அழுக்கில் அடைத்திருந்தது. பெரியவனிடம் ஆணியைக் கொடுத்து, மாதம் ஒரு தடவை குத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.